ஒரு சோறு பதம் போதாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழ்ப்பள்ளியில் முதன்முதலில் படித்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். அந்தப் பழமொழியை நம்பி, பதினான்கு ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் உணவுப் பாதுகாப்புச் செய்முறைத் தேர்வில் ஒரு கேள்விக்கான மதிப்பெண்களை முழுவதுமாகக் கோட்டைவிட்டேன். பழமொழியின் மீது குற்றமில்லை. அடுப்பில் கொதிக்கும் பானையில் நீர் மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருக்கிறது. எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றப் பருக்கைகள் பட்ட சூட்டையே அதுவும் பட்டிருக்கும். நுண்ணலை அடுப்பிலோ உணவு அசையாமல் கிடக்கிறது. அங்கே ஒரு சோறு அடுத்த சோற்றுக்குச் சாட்சி சொல்லாது.

கேள்வியை நினைவிலிருந்து தருகிறேன். ஒரு தட்டையான கிண்ணத்தில் 400 கிராம் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் இருக்கின்றன. முதல் நாள் சமைத்து, முறையாகக் குளிரூட்டி, குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வைத்த உணவு. அதை மூடி, நுண்ணலை அடுப்பில் 3 நிமிடம் சூடாக்குகிறார்கள். வெளியே எடுத்த உடனே ஐந்து இடங்களில் வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார்கள். ஓரங்கள் நான்கிலும் 86, 82, 78, 74, நடுவில் 45. பிறகு மூடியபடியே 2 நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் பார்க்கிறார்கள். ஓரங்களில் 80, 77, 74, 71, நடுவில் 49. உணவின் எல்லாப் பகுதியும் 70 பாகையில் 2 நிமிடம் இருக்கவேண்டும் என்பது விதி. இவ்வுணவைக் கர்ப்பிணி ஒருவருக்குப் பரிமாறலாமா? காரணம் கூறுக.

நான் கூட்டி வகுத்தேன். முதல் அளவீட்டின் சராசரி 73. இரண்டாவதன் சராசரி 70.2. இரண்டும் 70க்கு மேல்; 2 நிமிடமும் ஆயிற்று. "பரிமாறலாம்" என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன். என் விரிவுரையாளர் விடைத்தாளில் எழுதியிருந்தது ஒரே வரிதான்: "கிருமி சராசரியில் வாழ்வதில்லை."

அந்த வரி என்னை உறுத்தியதற்கு மதிப்பெண் மட்டும் காரணமன்று. அப்போது என் அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. வார இறுதியில் நான் வீட்டுக்குப் போனால், அம்மா உறைபெட்டியில் போட்டு வைத்திருக்கும் கறியைச் சூடாக்கி அவருக்குக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி, ஓரத்துல வாயே வெந்து போச்சு, நடுவுல ஐஸ் மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டு, "கலந்து சாப்பிடுங்கக்கா" என்றேன். கேள்வித்தாளில் வந்த கிண்ணமும் எங்கள் வீட்டுக் கிண்ணமும் ஒன்றுதான் என்பது விடைத்தாள் கைக்கு வந்த பிறகே உறைத்தது.

நடுவில் ஏன் குளிர்ந்தே இருந்தது? நுண்ணலை உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேசிய இடைநிலைப்பள்ளியில் "கெலொம்பாங் மிக்ரோ" என்று மலாயில் படித்தபோது நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன். உண்மை அதுவல்ல. வீட்டு அடுப்புகளில் அலையின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அது உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை முன்னும் பின்னும் புரட்டிச் சூடேற்றுகிறது. அப்படிச் சூடேற்றும்போதே அலையும் வலுவிழக்கிறது. நம் சமையலைப் போன்ற ஈரமும் உப்பும் உள்ள உணவில் ஓரிரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் அதன் ஆற்றலில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஆகவே கிண்ணத்தின் ஓரங்களுக்குப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் அலை கிடைக்கிறது. தடித்த நடுப்பகுதிக்கு மிச்சம் மீதிதான் வந்து சேர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பின் உட்சுவர்கள் உலோகம். அலை அவற்றில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலந்து, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் அசையாது நிற்கும் ஒரு கோலத்தை உண்டாக்குகிறது. இதற்கு நிலை அலை என்று பெயர். இந்த அதிர்வெண்ணில் அலையின் நீளம் சுமார் 12.2 சென்டிமீட்டர், ஆகவே வலுத்த இடத்துக்கும் அடுத்த வலுத்த இடத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். இதைப் படித்து நம்புவதைவிட அப்பளத்தை வைத்துப் பார்ப்பது எளிது. சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அதைச் சுழற்றும் அச்சு படாதவாறு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டையான பீங்கான் தட்டை வையுங்கள். பொரிக்காத அப்பளங்களை அதில் நெருக்கமாகப் பரப்பி 15, 20 நொடி ஓடவிடுங்கள். பக்கத்திலேயே நின்று, கருகும் வாசம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். அப்பளம் முழுவதும் ஒரே சீராகப் பொரியாது. திட்டுத் திட்டாகப் பொங்கி, இடையிடையே பச்சையாகவே கிடக்கும். அந்தப் பச்சைத் திட்டுகள்தான் குளிர்ந்த இடங்கள். விடுதியில் நாங்கள் செய்தபோது ஒரே அப்பளத்தின் ஒரு பாதி மொறுமொறுவென்றும் மறுபாதி அட்டையைப் போலவும் இருந்தது. பொரிந்த பாதிகளை யார் தின்பது என்பதில் சிறு சச்சரவும் நடந்தது.

தட்டு சுழல்வது இதைச் சமாளிக்கத்தான். ஆனால் சுழலும் தட்டின் நடுப்புள்ளி எங்கும் நகர்வதில்லை. அது இருந்த இடத்திலேயே தன்னைத் தானே சுற்றுகிறது. அந்த இடம் அலை அடங்கிய இடமாக அமைந்துவிட்டால், எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அடங்கிய இடம்தான். உணவின் தடித்த பகுதியைக் கொண்டுபோய் அந்தப் புள்ளியில் வைப்பது நாம் எல்லோரும் செய்யும் தவறு. உளுந்து வடையைப் போல நடுவில் குழி விட்டு உணவைப் பரப்பினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

அக்கா சொன்ன "ஐஸ்" விவகாரம் இன்னும் ஒரு படி மோசமானது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அலை அவற்றைப் புரட்ட முடிவதில்லை. பெரும்பாலும் அப்படியே ஊடுருவிப் போய்விடுகிறது. எங்கேனும் ஓர் ஓரம் முதலில் உருகினால், உருகிய நீர் அலையை ஆவலோடு வாங்கிக்கொள்கிறது. சூடான இடம் மேலும் சூடாகிறது. உறைந்த இடம் உறைந்தபடியே கிடக்கிறது. அதனால்தான் உறை நீக்கும் விசையை அழுத்தினால் அடுப்பு கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி ஓடுகிறது. சும்மா இருக்கும் அந்த இடைவெளியில் உருகிய பகுதியின் சூடு உறைந்த பகுதிக்குப் பரவுகிறது.

இனி என் விடைக்கு வருகிறேன். சராசரி ஏன் செல்லாது? ஓரத்தில் 86 பாகை இருப்பது நடுவில் உள்ள 45க்கு ஈடாகாதா? ஆகாது. ஓரத்துச் சூடு ஓரத்துக் கிருமியைத்தான் கொல்லும் என்பது முதல் காரணம். வெப்பம் கிருமியைக் கொல்லும் வேகம் பாகைக்குப் பாகை ஒரே அளவாகக் கூடுவதில்லை, மடங்கு மடங்காகக் கூடுகிறது என்பது இரண்டாவது. கர்ப்பிணிகளைப் பற்றிய கேள்வியில் நாம் அஞ்சவேண்டியது லிஸ்டீரியா என்னும் கிருமிக்கு. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகக்கூடியது அது. தாய்க்கு இலேசான காய்ச்சலாக வந்து கருவைச் சிதைத்துவிடக்கூடியது. 70 பாகையில் 2 நிமிடம் என்ற விதி இந்தக் கிருமியை மனத்தில் வைத்தே அமைந்தது. பத்து இலட்சம் கிருமி இருந்தால் ஒன்றாகக் குறைக்கும் அளவு அது. வெப்பநிலை 7.5 பாகை கூடினால் கொல்லும் வேகம் பத்து மடங்காகும், 7.5 பாகை குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும் என்று கணக்கிடுவது வழக்கம். வாய்பாடாக எழுதினால் இப்படி:

L = 10^((T − 70) / 7.5)

T என்பது அந்த இடத்தின் வெப்பநிலை. L என்பது அந்த வெப்பநிலையில் கழியும் ஒரு நிமிடம் 70 பாகையில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்பது. 70ஐப் போட்டால் 1 வரும். நமக்கு வேண்டியது மொத்தம் 2.

இப்போது நடுப்பகுதியைப் பார்ப்போம். தாராள மனத்தோடு, அது 2 நிமிடமும் 49 பாகையிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 49இலிருந்து 70ஐக் கழித்தால் −21. அதை 7.5ஆல் வகுத்தால் −2.8. L சுமார் 0.0016. இரண்டு நிமிடத்துக்கு 0.0032. அதாவது, 70 பாகையில் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு! தேவைப்பட்டது 120 நொடி. கிடைத்தது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஓரத்திலோ, 80 பாகையில் L 21ஐத் தாண்டுகிறது. அங்கே ஆறு நொடியிலேயே வேலை முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் ஏற்கெனவே செத்த கிருமியை அடித்துக்கொண்டிருந்தோம். ஆகவே ஐந்து அளவீடுகளில் விடைக்கு உதவுவது ஒன்றே ஒன்று: மிகக் குறைந்தது. மற்ற நான்கும் நம்மை ஏமாற்ற வைக்கப்பட்டவை என்றே சொல்லலாம்.

"ஆனால் மூடி வைத்த 2 நிமிடத்தில் சூடு நடுவுக்குப் பரவியிருக்க வேண்டாமா?" என்று நான் விரிவுரையாளரிடம் வாதாடினேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "எவ்வளவு தூரம் பரவும், நீங்களே கணக்கிடுங்கள்" என்றார். பாடப் புத்தகங்கள் இந்த மூடி வைக்கும் நேரத்தைச் சூடாக்கலின் ஒரு பகுதியாகவே சேர்க்கின்றன. ஆங்கிலத்தில் நிலை அலைக்கும் இந்த நேரத்துக்கும் "ஸ்டாண்டிங்" என்ற ஒரே சொல் முன்னால் நிற்பதால் தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதியவர்கள் உண்டு. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. பிரியாணிக்குத் தம் போடுவது நமக்குத் தெரியும்; இதுவும் ஒருவகைத் தம்தான். அடுப்பு நின்ற பின் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் கடக்கிறது. மூடியின் கீழ் அடைபட்ட நீராவி மேற்பரப்பு ஆறாமல் பார்த்துக்கொள்கிறது. எட்டிய வெப்பநிலையில் கிருமி சாகத் தேவையான நேரமும் கிடைக்கிறது.

ஆனால் உணவில் வெப்பம் கடத்தலால் மிக மெதுவாகவே நகர்கிறது. நீர் மிகுந்த உணவுகளில் வெப்பப் பரவல் எண் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 0.14 சதுர மில்லிமீட்டர். 120 நொடிக்கு அதைப் பெருக்கினால் சுமார் 17. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4. ஆக, 2 நிமிடத்தில் சூடு கணிசமாகப் பரவும் தூரம் 4 மில்லிமீட்டர், ஒரு சோற்றுப் பருக்கையின் நீளத்தைவிடக் குறைவு. ஐந்து மடங்கு நேரம், அதாவது 10 நிமிடம் காத்திருந்தாலும் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஓரங்கள் ஆறிவிடும். ஓரத்திலிருந்து பல சென்டிமீட்டர் உள்ளே கிடக்கும் குளிர்ந்த கட்டியைத் தம் போட்டுக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் 45 பாகை 49க்கு மேல் நகரவில்லை. முதலில் கிளறவேண்டும். கிளறினால் பெரிய குளிர்க்கட்டி உடைந்து சிறு சிறு துணுக்குகளாகி, ஒவ்வொன்றும் சூடான சோற்றின் நடுவே போய்விடுகிறது. அப்போது வெப்பம் கடக்கவேண்டியது சில மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு 2 நிமிடம் போதும். அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பு நுண்ணலை அடுப்புக்கு மட்டும் தனியாக எழுதியிருப்பதும் இந்த வரிசையைத்தான்: இடையில் கிளறு அல்லது திருப்பு, மூடி வை, எல்லாப் பகுதியும் 74 பாகையை எட்டட்டும், பிறகு மூடியபடி 2 நிமிடம் விடு.

இதெல்லாம் தேர்வுத்தாளில் மட்டும் நடப்பதன்று. 2007இல் அமெரிக்காவில் உறைந்த நிலையில் விற்கப்பட்ட, இறைச்சி அடைத்த மாவுப் பண்டம் ஒன்றால் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் சுமார் 400 பேருக்கு சால்மொனெல்லா தொற்று ஏற்பட்டது. நோயுற்றவர்களை விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் நுண்ணலை அடுப்பில் அதைச் சூடாக்கியிருந்தார்கள். பலருக்குத் தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்பதே தெரியவில்லை. சிலர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை உள்ளே வைத்திருந்தார்கள். சிலர் காத்திருக்கும் நேரத்தைத் தவிர்த்துவிட்டார்கள். மூடிய மாவுக்குள் இருப்பதைக் கிளறவும் வழியில்லை.

வாட் தெரியாதவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன். எங்கள் விடுதி அடுப்பின் முதுகில் 800 என்று ஒட்டியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து, முன்னும் பின்னும் கலக்கி வெப்பநிலை பார்த்து, முழு விசையில் 60 நொடி ஓடவிட்டேன். 9 பாகை ஏறியது. 1000 கிராம் × 4.18 × 9 ÷ 60 என்று கணக்கிட்டால் சுமார் 630 வாட். இது துல்லியமான ஆய்வுக்கூட முறையன்று. பாத்திரமும் கொஞ்சம் சூட்டைக் குடித்திருக்கும். இருந்தாலும் உணவுப் பெட்டியில் 800 வாட்டுக்கு என அச்சிட்ட நிமிடங்களை அந்தப் பழைய அடுப்பில் அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

விரிவுரையாளர் எனக்கு மறுவாய்ப்பு அளித்தார். அதே 400 கிராம், அதே 3 நிமிடம், விடுதியில் இருந்ததைப் போன்றதோர் அடுப்பு. இம்முறை எடுத்த உடனே ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் நன்றாகக் கிளறினேன். மீண்டும் மூடி மேலும் 1 நிமிடம். பிறகு வெப்பமானி. அதைப் பயன்படுத்துவதிலும் பிழை நேரும். பனிக்கட்டி நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்; ஒவ்வொரு உணவுக்கும் முன் முனையைத் துடைத்துத் தூய்மையாக்கவேண்டும். ஓரிடத்தில் செருகி எண்ணைப் படித்துவிட்டு வந்துவிடக்கூடாது. முனையை மெல்ல நகர்த்தி மிகக் குறைந்த எண் எங்கே கிடைக்கிறது என்று வேட்டையாடவேண்டும். கோழித் துண்டாக இருந்தால் மிகத் தடித்த துண்டின் நடுவில் பார்க்கவேண்டும். தொடாமல் சுட்டு அளக்கும் அகச்சிவப்புக் கருவி இங்கே உதவாது. அது தோலை மட்டுமே பார்க்கிறது. என் வகுப்பில் ஒருவர் அதைக் கொண்டு 83 என்று எழுதினார். உள்ளே 58.

எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த இடம் ஒரு கோழித் துண்டின் உட்புறம்: 71 பாகை. முனையை அங்கேயே விட்டு மூடினேன். 30 நொடியில் 73, ஒரு நிமிடத்தில் 74, ஒன்றரை நிமிடத்தில் 75, இரண்டு நிமிடத்திலும் 75. ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் அதன் தொடக்க வெப்பநிலையை எடுத்துக்கொண்டு L கணக்கிட்டால் 1.36, 2.51, 3.41, 4.64. நான்கையும் கூட்டி அரையால் பெருக்கினால் 5.96. தேவை 2; கிடைத்தது ஏறக்குறைய 6. மிகக் குளிர்ந்த இடத்திலேயே இவ்வளவு என்றால் மற்ற இடங்களைப் பற்றிய கவலை இல்லை. முதல் தடவைக்கும் இதற்கும் இடையே செலவானது ஒரு கரண்டியும் கூடுதலாக ஒரு நிமிடமும்தான்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு தீர்க்காது. கேள்வியில் "முறையாகக் குளிரூட்டி" என்று ஒரு சொற்றொடர் இருந்தது நினைவிருக்கலாம். அதைப் பலர் கவனிப்பதில்லை. சமைத்த சோற்றை மேசையில் மணிக்கணக்கில் விட்டால் பேசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் விழித்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு கொதிநிலைச் சூட்டுக்கும் அழிவதில்லை. கிருமி செத்தாலும் நச்சு இருக்கும். அத்தகைய சோற்றுக்கு 5.96 வந்தாலும் 59.6 வந்தாலும் விடை "பரிமாறக்கூடாது" என்பதே.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது பையில் 25 ரிங்கிட்டுக்கு வாங்கிய வெப்பமானி இருந்தது. உறைந்த கறியை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தேன். மறுநாள் சூடாக்கி, பாதியில் கிளறி, மீண்டும் சூடாக்கி, மூடி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா தட்டோடு காத்திருந்து பொறுமையிழந்தார். "என்னடா, கறிக்கு ஊசி போடுற?" என்றார். மிகக் குறைந்த எண் 76 காட்டியது. தட்டில் பரிமாறினேன். நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர், சுடுகிறது என்று என்னைத் திட்டினார்.